நாற்பத்தேழாவது கேள்வி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் அகராதியின் பக்கத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தது. சனிக்கிழமை காலை. நான் பிடித்தேன், அம்மா எடுத்தார்.

"கட்டை விரல எடுடா பிரகாஷ். எழுத்து மறையுது."

"எடுத்தா பக்கம் மூடிக்குதும்மா."

"அப்போ ஸ்கேல வை. இன்ஜினியர்னு பேரு."

நான் இன்ஜினியர் இல்லை. கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிற டெக்னீஷியன். இருபது வருடமாக அம்மா இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திருத்தவில்லை. எரிச்சலில் இருந்தேன். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஓடியது. சொல் இருக்கும் பக்கம் போதாது, தலைப்புப் பக்கம் வேண்டும், பதிப்பு ஆண்டு தெரிய வேண்டும், படம் சாயக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஒரு எம்.பி.க்குள் சுருக்கினேன்.

"செல்விக்கு அனுப்பிடட்டா?"

"இரு. ரெண்டாவது புத்தகமும் வரட்டும்."

இந்த 'இரு'வைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா பெயர் அகஸ்டினா. வயது அறுபத்தாறு. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், பூக்கடைகள் முடிகிற சந்தில், மாடி அறையில் பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். வருகிறவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள்: பில் கவுண்டர், கூரியர், நர்சிங் ஹோம். அரசு வேலைத் தேர்வில் இங்கிலீஷ் பகுதியில் இடறுகிறவர்கள்.

அவரும் அதில் இடறியவர்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எண்பத்து மூன்றில் ஒரு கம்பெனி நேர்காணலில், "ஐ மேட் மை ஸ்டடீஸ் இன் எ ஃப்ரெஞ்ச் ஸ்கூல்" என்றார். எதிரே இருந்தவர் சிரித்து, "என்ன, படிப்பைத் தயார் செய்தீங்களா?" என்றாராம். பிரெஞ்சில் படிப்பு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வினை. அதை அப்படியே 'மேக்' ஆக்கிவிட்டார். வேலை கிடைக்கவில்லை.

பின்னாளில் அதுவே அவர் தொழிலுக்கு ஆதாரமானது. புதுச்சேரிக்காரர்கள் இரண்டு பக்கமும் தப்புவார்கள் என்பார். பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள் 'மேக் ஹோம்வொர்க்' என்று எழுதுவார்கள். 'டூ' வர வேண்டும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் 'பண்ணு' ஒன்று போதும். தப்பு பண்ணினேன், சத்தம் பண்ணாதே, முயற்சி பண்ணு. ஆகவே 'டூ மிஸ்டேக்', 'டூ நாய்ஸ்', 'டூ எஃபர்ட்'. மூன்றுக்கும் 'மேக்' வர வேண்டும். சண்டை போட்டால் 'புட் ஃபைட்'. அங்கே 'ஹேவ்'. நடக்கப் போனால் பிரெஞ்சுக்காரர் 'மேக் எ வாக்'. அங்கே 'டேக்'.

ஒவ்வொரு தப்பையும் ஓர் அட்டையில் எழுதுவார். பின்பக்கத்தில் அது எந்த மொழியிலிருந்து, எந்த வினையிலிருந்து வந்தது என்று இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. ஆயிரத்து நானூறு அட்டைகள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றேன். ஏற்றியும் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அர்த்தம் பாத்து வினைய போடாத. எந்தப் பேரோட எந்த வினை குடித்தனம் பண்ணுதுன்னு பாரு." வகுப்பில் தினமும் இதைச் சொல்வார்.

அப்படிப் படிக்க வந்த செந்தமிழ்ச்செல்விக்கு ஊர் பிள்ளைச்சாவடி. கணவர் கலைவாணன் படகு இன்ஜின் மெக்கானிக். செல்வி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் கவுண்டரில் இருக்கிறார். ஒரு துறையின் எழுத்தர் தேர்வை மூன்று முறை எழுதியவர். இந்த டிசம்பரோடு வயது வரம்பு முடிகிறது. நான்காவது முறைதான் கடைசி. அதில் எதிர்பார்க்கிற கட்-ஆஃபுக்கு ஒரு மார்க் குறைவு.

நாற்பத்தேழாவது கேள்வி. குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்கிற வாக்கியம். 'டெசிஷன்' முன்னால் கோடிட்ட இடம். விடைகள்: மேட், டன், டேக்கன், ஹேட். செல்வி 'டேக்கன்' போட்டார். தற்காலிக விடைக்குறிப்பில் 'மேட்' மட்டும்.

இரண்டும் சரி. பிரிட்டிஷ் இங்கிலீஷில் 'டேக் எ டெசிஷன்' புழக்கத்தில் இருக்கிறது, அகராதியிலும் இருக்கிறது. இரண்டையும் விடைகளில் வைத்ததுதான் தப்பு. அட்டைகளிலிருந்து தொகுத்து அம்மா வகுப்பில் கொடுக்கிற ஷீட்டில் முப்பத்தொன்றாவது வரி: டெசிஷன் – மேக், டேக், இரண்டும். செல்வி அதைப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

"நம்ம வாய்க்கு வர்றதே சரியா இருக்குற எடம் அது ஒண்ணுதான்" என்றார் அம்மா. "தமிழ்லயும் முடிவ எடுக்குறோம், பிரெஞ்சுலயும் எடுக்குறாங்க, வெள்ளக்காரனும் எடுக்குறான். இவனுங்க மட்டும் எடுக்க மாட்டானுங்களாம்."

"ரெண்டும் வந்தா மேக் போடுன்னு சொல்லியிருக்கலாம்லம்மா."

"சரியானத சரின்னு சொல்லிக் குடுத்தேன். பயந்துக்கோன்னு சொல்லித்தரல."

"மார்க் போச்சே."

"அதான் வாங்கித் தர்றேன்றேன்."

என் வேலையில் ஒப்பிடும் கருவியே பிழையாக இருந்தால் அதை வைத்துச் சோதித்த அத்தனையும் பிழை. அதற்காக யாரும் சோதனையை நிறுத்துவதில்லை. கையில் இருக்கிற அளவிலேயே முதலில் தேறிக்கொள்வோம், அதைத் திருத்துவது பிறகு. அம்மா கேட்கிற ஆள் இல்லை.

ஆட்சேபம் தெரிவிக்க ஐந்து நாள். செவ்வாய் மாலை ஐந்து மணி வரை. தேர்வர் தன் லாகினில்தான் போட முடியும். ஒரு கேள்விக்கு ஒரு ஃபைல். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது. ஆதாரம் தரமான நூலிலிருந்து இருக்க வேண்டும். கோச்சிங் நோட்ஸ் செல்லாது.

அந்த 'மாற்ற முடியாது'தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. பாடத்திட்டத்தில் தேர்வுக்காரர்களே சிபாரிசு செய்த கையேடு ஒன்று இருந்தது. அதிலும் 'டேக்' இருந்தால் அவர்களால் மறுக்க முடியாது. கடைகளில் கிடைக்கவில்லை. நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது, பைண்டிங்குக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

"அகராதி ஒண்ணு போதும்மா. இப்பவே அனுப்பு."

"ஒரு சாட்சிய தள்ளிடுவான். ரெண்டு சாட்சின்னா யோசிப்பான்."

"லேட்டாச்சுன்னா?"

"செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

ஃபைல் என் போனில் இருந்தது. செல்வி நம்பரும் இருந்தது. அனுப்பியிருக்கலாம். கோபத்தில், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை ஒன்பதேகாலுக்கு நூலகத்துக்குக் கிளம்பினார். மாடிப்படியில் நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டார். பூக்கடைக்காரர் வெரோனிகா அக்கா எனக்குப் போன் செய்தார். ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார்.

செவ்வாய் நான்கு மணிக்கு அடக்கம்.

செல்வி வந்திருந்தார், கணவரோடு. மாதா கோவிலில் பின் வரிசையில் நின்றார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டார். என் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றார். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, போனைப் பார்த்தேன். மணி ஐந்து நாற்பது. ஃபைல் அங்கேயே இருந்தது. 980 கே.பி.

செல்வியைக் கூப்பிட்டேன்.

"ஏன் கேக்கல? பக்கத்துலயே நின்னீங்களே!"

கத்திவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் குரல் உயரவில்லை.

"பொணத்து முன்னாடி நின்னுக்குனு பி.டி.எஃப். கேப்பாங்களா அண்ணா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"கேக்கலாம்னுதான் பக்கத்துல வந்தேன். உங்க மூஞ்சிய பாத்தேன். வரல."

அவர் சும்மா இருக்கவில்லை. நாலரைக்கு, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்று, பையிலிருந்த அம்மாவின் ஷீட்டையே படம் பிடித்து ஏற்றிவிட்டார். முப்பத்தொன்றாவது வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு. கையில் இருந்தது அதுதான்.

மறுநாள் நான் தேர்வு அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன், அகராதிப் பக்கத்தோடு. பதில் வந்தது. காலக்கெடு முடிந்த பின் வரும் ஆட்சேபங்கள் ஏற்கப்படா. போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர்தான்.

"சார், நீங்க கேண்டிடேட்டா?"

"இல்ல."

"அப்போ கேண்டிடேட்ட பேசச் சொல்லுங்க."

"அவங்க போட்டாச்சு. ஆதாரம் மாறிப்போச்சு. சரியான ஆதாரம் எங்கிட்ட இருக்கு."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் சார். சிஸ்டம் எடுக்காது."

"கேள்வி தப்புன்னு ஒத்துக்குறீங்களா?"

"அது நிபுணர் குழு சார். நான் கம்ப்யூட்டர் பிரிவு."

அந்தக் கேள்வியை வேறு யாராவது சரியான ஆதாரத்தோடு ஆட்சேபித்திருந்தால் எல்லோருக்கும் மார்க் வந்திருக்கும். அந்த நம்பிக்கையில் மூன்று வாரம் ஓடியது. இறுதி விடைக்குறிப்பு வந்தது. நாற்பத்தேழு: மேட். மாற்றமில்லை. செல்வியின் ஆட்சேபத்துக்கு எதிரே ஒரு வரி: இணைத்த ஆதாரம் தரமான நூல் அல்ல.

அதை மூன்று முறை படித்தேன். அம்மாவின் ஷீட்டைத்தான் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வருட அட்டைகள். விதிப்படி அவர்கள் சொல்வது சரி. அதுதான் தாங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு செல்வி வந்தார். இட்லியும் குழம்பும் பரிமாற உதவினார். எல்லோரும் போன பிறகு மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். அட்டைப் பெட்டிகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"மாமியா சொல்றாங்க, ஒங்க மிஸ் தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. அது அதவிட மோசம்."

"தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் அண்ணா. தெரிஞ்சி என்ன பண்றது? டிசம்பர் ஆயிடுச்சி."

அகராதிப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். மாமியாரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் வாங்கி, நான்காக மடித்து, பில் கவுண்டர் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது" என்றார்.

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போன பிறகு அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். ஒரு மாதமாக ஆணியில் தொங்கிய பை. மூக்குக் கண்ணாடி, ஜெபமாலை, பஸ் டிக்கெட், இரண்டு பேனா. ஒரு துண்டுச் சீட்டில் அந்தக் கையேட்டின் பெயரும் எண்ணும். கீழே அவர் கையெழுத்தில்: 'டெசிஷன்' பார்க்க. தலைப்புப் பக்கமும். பிரகாஷைப் பிடிக்கச் சொல்ல வேண்டாம், விரல் மறைக்கிறான்.

நேற்று அம்மாவின் நம்பருக்கு நூலகத்திலிருந்து போன் வந்தது.

"அகஸ்டினா அம்மாங்களா?"

"அவங்க பையன்."

"அவங்க கேட்ட புக்கு பைண்டிங் முடிஞ்சி வந்து ஒரு மாசமாச்சு. திங்கட்கெழம வர்றேன்னாங்க, வரல. கவுண்டர்லயே எடுத்து வெச்சிருக்கோம். அவங்கள வரச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன்.