லீட் என்றால் யார்?

மலேசியாவின் பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். வருடாந்தர மதிப்பீட்டுக்கு அங்கே எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அதனால் பராமரிப்புப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தலைமைப் பண்பில் ஐந்துக்கு ஒன்று விழுந்தது.

"நான் யாருக்குத் தலைமை தாங்குறது? ஸ்பேனருக்கா?" என்று கேட்டாள்.

ஜூனியர், சீனியர், லீட் என்று மூன்று நிலைக்கும் என்ன எதிர்பார்க்கிறோம் என எழுதச் சொன்னார் எங்கள் மேலாளர் அம்மா. ஜூனியர் இயந்திரத்தை அறிந்திருப்பார், சீனியர் நன்கு அறிந்திருப்பார், லீட் மிக நன்கு அறிந்திருப்பார் என்று எழுதிக் கொடுத்தேன்.

"அலமாக்! இதை வச்சு யாருக்கு எப்படி மார்க் போடுறது? கீழ போய் வேலையைப் பாத்துட்டு வாங்க."

போன நேரம் மூடி பொருத்தும் இயந்திரம் நின்றிருந்தது. அந்தப் பெண் செயல்முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பிடிபடாததும் தாமதிக்காமல் ஆள் கூப்பிட்டாள். வந்தவர் யோங் பெங் ஊர்க்காரர், பராமரிப்பில் எல்லாருக்கும் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். அனைவரையும் தள்ளி நிற்கச் சொல்லி, முதுகால் மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார். இயந்திரம் ஓடியது.

"என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அது எனக்கும் மெஷினுக்கும் உள்ள விஷயம்லா."

மேலே வந்து மறுபடி எழுதினேன். ஜூனியர் சொன்ன வேலையைச் சரியாகச் செய்வார், எப்போது உதவி கேட்பதென்று அறிவார். சீனியர் புதுப் பழுதுக்கும் தானே காரணம் கண்டுபிடிப்பார். லீட் மற்றவர்களையும் அதற்குத் தயார் செய்வார். அதே பழுது திரும்ப வராமலும் பார்ப்பார்.

அண்ணன் தன்னை லீட் என்றே நினைத்திருந்தார். புது மதிப்பீட்டில் சீனியர் என்று வந்ததும், அதிலும் மூன்று மதிப்பெண் என்றதும், மேலாளர் அறைக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நாலு, எனக்கு மூணா?"

"அது ஜூனியருக்கு எதிர்பார்க்கிறதுல நாலுண்ணே. உங்ககிட்ட எதிர்பார்க்கிறது அதிகம்" என்றார் மேலாளர் அம்மா.

"அப்ப என்னையும் ஜூனியர் ஆக்குங்க. அஞ்சு வாங்கிக் காட்டுறேன்."

"ஆக்கலாம். சம்பளமும் ஜூனியர் சம்பளம்தான்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சீனியர்னாலும் மரியாதையாத்தான் இருக்கு" என்று எழுந்துகொண்டார்.

வாசலில் நின்று என்னைக் கேட்டார், "லீட் ஆகணும்னா?"

"முதுகைத் திருப்பிக்காதீங்க" என்றேன்.

அவர் மாறினார். வேண்டாவெறுப்பாகத்தான். எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துப் பழுதுகளை விளக்கினார். அடிக்கடி தேயும் உருளையை, இயந்திரம் நிற்கும்முன்பே மாற்ற முறை வகுத்தார்.

பிறகு பொந்தியானில் மச்சினன் கல்யாணத்துக்கு விடுப்பில் போனார். வழக்கமாக அவர் விடுப்பில் போனால் தொழிற்சாலையே அவரைத் தொலைபேசியில் துரத்தும். இந்தமுறை அவரே என்னை அழைத்தார். பின்னால் நாதஸ்வரம்.

"மெஷின் நின்னுச்சா?"

"காலையில நின்னுச்சுண்ணே. அந்தப் பொண்ணு சரி பண்ணிட்டா."



"என்னை ஒருத்தரும் கேக்கலையா?"

"கேக்கல. நீங்க லீட் ஆயிட்டீங்கண்ணே."

"இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு யாரும் சொல்லலையேலா" என்றார்.