விடைபெறும் செய்தியில் விடுபட்ட தேத்தண்ணி

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்னால், அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு விடைபெறும் செய்தி எழுதினேன். பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதியது. அதனால் அதில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. வெள்ளிக்கிழமையோட நான் எஸ்கேப். செக்ரோல் இனி ஒங்க தலைவலி. பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா எடது பக்கம் ஒரு தட்டு தட்டுங்க. டீமேக்கர் ஐயா, ஒங்க தேத்தண்ணியில இருந்து எனக்கு விடுதலை. யாரு மனசாச்சும் நோகப் பேசியிருந்தா, வேணும்னுதான் பேசியிருப்பேன்.”

அனுப்புமுன் பக்கத்து மேசை நலன்புரி உத்தியோகத்தரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, தமிழில் பட்டம் வாங்கியவர். படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“இதை இப்பிடியே அனுப்ப ஏலாது ஐயா. குறூப்பில மனேஜர் துரையும் இருக்கிறார், கொழும்பு ஆக்களும் இருக்கினம். தாங்கோ, நான் திருத்தித் தாறன்.”

திருத்தித் தந்தார். “எனது பணிக்காலத்தில் நல்லாதரவு நல்கிய அனைவருக்கும்” என்று தொடங்கி, “அறிந்தோ அறியாமலோ எவர் மனதையும் புண்படுத்தியிருப்பின்” என்று முடிந்தது. படித்ததும் எனக்கே என்மேல் அனுதாபம் வந்தது. தகனக்கிரியை நேரம் ஒன்றுதான் போடவில்லை.

“நான் சாகல தங்கச்சி, பென்ஷன்கூட இல்லாம வீட்டுக்குத்தான் போறேன்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். நான் போன மறுநாள் இவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? யாருக்கு, எதற்காக நன்றி? நான் சொல்லச்சொல்ல மறுபடி எழுதினார். ‘எஸ்கேப்’ போய், ‘வெள்ளிக்கிழமை எனது கடைசி வேலைநாள்’ வந்தது. தலைவலியாக இருந்த செக்ரோலை, அதாவது சம்பளப் பதிவை, இளைய கிளாக்கர் பொறுப்பேற்கிறார் என்றும், சேமலாப நிதிப் படிவங்களுக்கு அவரையே கேட்கலாம் என்றும் எழுதினார். பிரிண்டருக்கு அடி விழுவது நின்று, இடப்பக்க மூடியைத் திறந்து தாளை மெதுவாக இழுக்கும்படி அறிவுரை. வேண்டுமென்றே நோகப் பேசியதை ஒரு சின்ன மன்னிப்பாக மாற்றினார். எல்லாம் சரிதான், எனக்கும் பிடித்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பற்றிய வரிக்கு வந்தபோது, “இது உங்கட ரெண்டு பேருக்கும் மட்டும் விளங்கிற பகிடி, மற்ற ஆக்கள் குறை சொல்லுறதெண்டு நினைப்பினம்” என்றார். ‘தொழிற்சாலைப் பகுதியினருக்கும் நன்றி’ என்று போட்டார். நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டேன்.

கும்பிடும் கைகள் குவிந்தன. துரை ஒரு கட்டைவிரல் போட்டார்; அவரிடமிருந்து அதுவே பெரிய சொற்பொழிவு. டீமேக்கர் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குத் தேத்தண்ணி வரவில்லை. பெக்டரியில் தேயிலையை ருசி பார்த்து முடித்ததும் எனக்கென்று ஒரு பிளாஸ்க் அனுப்புவது அவர் வழக்கம். காலிப் பிளாஸ்க்கோடு ‘ஆத்துத் தண்ணி’, ‘சாக்கு கழுவுன தண்ணி’ என்று ஒரு வசவு அனுப்புவது என் வழக்கம். வருஷக்கணக்காக நடந்தது. கடைசி நாளில் மேசை வெறுமையாக இருந்ததைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. போன் பண்ணினேன்.

“தேத்தண்ணி எங்கங்க?”

“தொழிற்சாலைப் பகுதியினருன்னு போட்டிருந்தீங்களே, அவங்கள கேளுங்க. எனக்கு ஒங்கள யாருன்னு தெரியல” என்றார். விளையாட்டுக் குரல் இல்லை. வைத்துவிட்டார்.

நலன்புரி உத்தியோகத்தரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. “அந்த வரியை வெட்டியிருக்கக் கூடாது ஐயா. மற்ற ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி மாத்தியிருக்க வேணும். நீங்கள் உண்மையில என்ன சொல்ல நினைச்சனீங்கள்?”

யோசித்துப் பார்த்தால், அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொன்னேன். அவர் ஒரு அலங்காரமும் சேர்க்காமல் தட்டினார். குழுவில் போட்டோம்:

“நேற்றைய செய்தியில் ஒரு வரி விடுபட்டுவிட்டது. டீமேக்கர் ஐயா தினமும் பத்து மணிக்கு எனக்குத் தேத்தண்ணி அனுப்பினார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. ஒரு நாளும் மிச்சம் வைத்ததுமில்லை.”

 இந்த முறை ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. பிளாஸ்க்கை டீமேக்கரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மூடியில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குடித்தேன். மிச்சம் வைக்காமல் மூடியை அவரிடம் நீட்டினேன்.

“எப்பிடிங்க இருக்கு?”

“சாக்கு கழுவுன தண்ணி” என்றேன்.

“அப்பாடா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.