பம்பருக்குப் பின்னால்

சன்னிவேலில் பக்கீர் முகம்மதைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, ‘மனுஷன் தங்கம், ஆனா சரியான பயந்தாங்கொள்ளி’ என்பதுதான். ராமநாதபுரத்துக்காரர். சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. அங்கேயும் பயம்தான் சோறு போட்டது. எது எப்படி உடையும் என்று யோசிப்பதற்குச் சம்பளம். ஃப்ரீவேயில் வலது ஓரத்தை விட்டு நகரமாட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவார். மனைவி தாஜ் நிஷா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவர்தான் 2005 அக்டோபரில் பலசரக்குக் கடை வாசலில் வேனை ரிவர்ஸ் எடுக்கையில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கான்கிரீட் தூணில் மோதி பம்பர் உள்ளே போனது. யாருக்கும் அடியில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்தார். போனை எடுத்த பெண் பொறுமையாக இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கம்பெனியின் பட்டியலில் உள்ள கராஜ். அவர்களே வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளே இன்னும் சேதம் தெரிந்தால் கம்பெனியோடு அவர்களே பேசிப் பணத்தை நேரே வாங்கிக்கொள்வார்கள். பக்கீர் தன் பங்கு ஐந்நூறு டாலரை மட்டும் கட்டினால் போதும். வேலைக்குக் கம்பெனியே உத்தரவாதம். ஆனால் இப்போது கூட்டம் அதிகம், வண்டியை விடவே இரண்டு வாரம் ஆகும். இன்னொன்று, இவருக்குப் பிடித்த கராஜ். கம்பெனி ஆள் வந்து பார்த்து மதிப்புப் போட்டுவிட்டுப் போவார். பணத்தை இவர் கட்டிவிட வேண்டும். ஐந்நூறு போக மீதிக்குச் செக் பின்னால் தபாலில் வரும். உள்ளே புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்தி, மறுபடி ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பார்க்காமல் செய்ததற்குப் பணம் கிடைக்காமலும் போகலாம்.

அலுவலக நண்பர் செல்வராஜிடம் யோசனை கேட்டார்.

“பாஸ், லிஸ்ட்ல இருக்கற கராஜ்னா யாருக்கு வேலை பார்ப்பான்? இன்ஷூரன்ஸ்காரனுக்குத்தான். செலவைக் குறைக்க டூப்ளிகேட் பார்ட்ஸ் போட்டுருவான். சான்டா கிளாரால எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார். ஒரிஜினல்தான் போடுவார், உடனே முடிச்சுக் குடுத்துருவார். கார்டுல கட்டுங்க, செக் வந்ததும் அடைச்சிருங்க.”

டூப்ளிகேட் என்ற வார்த்தையே பக்கீருக்குப் போதும். குழந்தை உட்காருகிற வண்டியாயிற்றே! தவிர, இன்னும் இரண்டு வாரம் இந்த நசுங்கிய வண்டியிலேயே மகள் ரிதாவை ப்ரீஸ்கூலில் விடுவதா? கம்பெனி ஆள் வந்து பார்த்து மதிப்புப் போட்டதும், வேனைச் சான்டா கிளாராவில் விட்டார்.

மறுநாளே கராஜ்காரர் போன் செய்தார். பம்பரைக் கழற்றியாயிற்றாம். பின்னால் தகடு மடிந்திருக்கிறது, சைலன்ஸரும் கொஞ்சம் நகர்ந்தாற்போல் இருக்கிறது, இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். “ஆனா இது மதிப்புல இல்ல. இன்ஷூரன்ஸ் ஆள் திரும்ப வந்து பார்க்கணும். நாலஞ்சு நாள் ஆகும். இல்ல, நீங்க பணம் கட்டறேன்னா இப்பவே பாக்கறேன்” என்று அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார்.

கட்டிய பணம் வராமல் போனால்? ஆள் வந்து பார்த்து, இது பழைய அடி என்று சொல்லிவிட்டால்? முழு மதிப்பையும் சந்தேகப்பட்டால்? பயம் ஒன்றைப் பிடித்து ஒன்று நீண்டது. கடைசியில், “மதிப்பில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்” என்றார். கராஜ்காரர் இரண்டாம் முறையும் கேட்டார். அப்போதும் அதையே சொன்னார். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வண்டி பளபளவென்று வந்தது. உள்ளே லேசாக ஒரு வாடை. புதுப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போட்டு ஓட்டினார்கள். ரிதா பின் வரிசையில் தன் நாற்காலியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்க ஆரம்பித்தாள். பள்ளியில் ஒரு நாள் வாந்தி. தாஜுக்கும் தலைவலி.

“தாஜ், புள்ள வேன்ல மட்டும்தான் இப்படித் தூங்குது. கவனிச்சியா?”

“கார்ல குழந்தைங்க தூங்கத்தாங்க செய்யும். வைரஸ் சுத்துது, டீச்சரே சொன்னாங்க. நீங்க சும்மா ஆரம்பிக்காதீங்க.”

இவரும் வாயை மூடிக்கொண்டார். எத்தனையோ முறை சும்மா பயந்தவர்தானே. இதுவும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், ஃப்ரீமான்ட்டில் ஒரு விருந்துக்குக் கிளம்பினார்கள். 237-ஆம் நம்பர் ஃப்ரீவேயில் மழை, விபத்து, வண்டிகள் அசையவில்லை.

“அத்தா, மை ஹெட் ஹர்ட்ஸ்.”

“இதோ போயிரலாம்டா தங்கம்.”

அப்புறம் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தார். தலை தொங்கியிருந்தது. “ரிதா!” பதில் இல்லை. “தாஜ், எழுப்பு அவள!” தாஜ் கையை நீட்டிக் காலை உலுக்கினாள். கால் துணி மாதிரி ஆடியது.

“யா அல்லாஹ், என்னங்க, முழிக்க மாட்டேங்கறா!”

வலது ஓரத்தை விடாத மனுஷனுக்கு அன்று அதுதான் கைகொடுத்தது. சட்டென்று ஓரம் கட்டினார். எல்லாக் கதவையும் திறந்தார். தன் கால்களும் தள்ளாடுவது அப்போதுதான் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றார். “புள்ளையக் குடுத்துரு ரப்பே, குடுத்துரு” என்று உரக்க அழுதார். தாஜ் போனில் 911-ஐக் கூப்பிட்டு, இடம் சொல்லத் தெரியாமல் திணறினாள். மழைத்தண்ணீர் முகத்தில் பட்டபோது ரிதா முனகினாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு. மூவருக்கும் இருந்தது, குழந்தைக்கு அதிகம். வண்டிப் புகை உள்ளே வருகிறது, அந்த வண்டியைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் அதே நெரிசலில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், தாஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் ரிதா எழுந்து உட்கார்ந்து ஜூஸ் கேட்டாள். பக்கீர் அந்தக் கட்டில் ஓரத்திலிருந்தே இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தார். அதே விபத்தின் சேதம்தானா என்று பார்க்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். அப்படியென்றால் அதே க்ளெய்மில் சேர்க்கலாம், மறுபடி ஐந்நூறு கட்ட வேண்டியதில்லை. வேனை டோ வண்டியில் பட்டியல் கராஜுக்கு ஏற்றிவிடுகிறேன், முழுதாகப் பிரிப்பார்கள், மீதியை நாங்கள் அவர்களோடு பேசிக்கொள்கிறோம் என்றாள். பிறகு, “ஒரு கேள்வி. முதல் கராஜில் இதைப் பற்றி உங்களிடம் யாராவது சொன்னார்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பழி சான்டா கிளாராக்காரர் தலையில் போய் விழும். ஆமாம் என்றால் எல்லாமே கைவிட்டுப் போகலாம். எதிரே தாஜ், ரிதாவுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

“சொன்னார். ரெண்டு தடவ கேட்டார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்” என்றார் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள்.

தாஜின் கை ஷூ லேஸில் நின்றுவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது பக்கீருக்கு.

“கேஸ மூடினோமான்னு பாதி ரோட்டுலேர்ந்து வண்டியத் திருப்புவீங்களே,” என்றாள். “அந்த ஆளு கேட்டப்ப மட்டும் உங்களுக்கு ஏங்க பயமா இல்ல?”

“பயமாத்தான் இருந்துச்சு, தாஜ்,” என்றார். “பணத்துக்கு.”