ஒட்டிப்போன கான்டாக்டர்

விஜயராணி பதினோரு வருடமாகத் தாராவித் தையல் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அன்று கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓடியது. இணைப்பு மட்டும் மாறவில்லை. பேனலைத் திறந்து பார்த்தாள். தெருக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மெயின் கான்டாக்டர் விடுபடாமல் ஒட்டிப்போயிருந்தது. அதனால்தான், இரண்டு இணைப்பும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் இன்டர்லாக் ஜெனரேட்டரைச் சேரவிடவில்லை.

"அந்த லாக்கக் கழட்டிட்டு ஓட்டும்மா" என்ற முதலாளி வெங்கடேஷ், தானே ஸ்குரூட்ரைவரை எடுத்தார்.

அவள் ஜெனரேட்டரை நிறுத்திச் சாவியை உருவினாள்.

"தெருவுல குழிக்குள்ள லைன்மேன் ஒருத்தன் கேபிளப் பிடிச்சிட்டு நிக்கான். நம்ம கரண்ட் திரும்பி அங்க போனா செத்துருவான், அண்ணாச்சி. அவன் பொண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்லுவிய?"

அவர் கத்தினார். அவளும் கத்தினாள். மெயின் சுவிட்சை அணைத்து அவள் புதுக் கான்டாக்டர் மாட்டும்வரை மெஷின்கள் நின்றன. கடைசித் திருகாணியை இறுக்கிய பிறகுதான் ஜெனரேட்டர் சாவியைத் திரும்பப் போட்டாள்.