குட்டையாகிப்போன கோடு

யோசனை எனக்குத் தோன்றியது ஒரு மெஸ்ஸில், மதியச் சாப்பாட்டின் நடுவில். பரிமாற மூன்று பேர். கல்லாவில் இருந்தவர் உள்ளே வருகிறவர்களை முறை வைத்து அனுப்பவில்லை. மூவர் பக்கமும் ஒரு பார்வை. யார் கை ஓய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்டுவார். வேனில் வந்திறங்கிய கல்யாணக் கூட்டம் ஒருவர் தலையில் விழுந்ததும், கொஞ்ச நேரத்துக்கு அவர் பக்கம் ஆளையே விடவில்லை. ரசம் ஊற்ற வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். அத்தனை அவசரம். ஓடாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் ஆபீஸ் பழனிசெட்டிபட்டியில், டைல்ஸ் கடை மாடியில். தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி விற்கும் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு நாங்கள்தான் பதில் சொல்கிறவர்கள். மெயில், வாட்ஸ்அப், ஆப் என்று எந்த வழியாக வந்தாலும் புகார் எல்லாம் ஒரே பொது இன்பாக்ஸில் டிக்கெட்டாக விழும். அதைச் சாப்ட்வேர் எங்கள் நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கும். நான், போடியிலிருந்து வருகிற ஒருவன், ராயப்பன்பட்டியிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண், உத்தமபாளையத்து அக்கா. எங்களுக்கு மேலே லீடர் அண்ணன்.

அப்போது பிரிப்பது ரவுண்ட் ராபின் முறையில். அக்கா, போடிக்காரன், நான், அந்தப் பெண், மறுபடி அக்கா. யார் கையில் எவ்வளவு கிடக்கிறது என்று அது பார்க்காது. லீவு என்று குறித்திருந்தால் மட்டும் தாண்டிப் போகும்.

அக்காவுக்கு மலையாளம் நன்றாக வரும். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குமுளிச் சந்தையோடு வியாபாரம். அதனால் இடுக்கி எஸ்டேட்டுகளிலிருந்து வரும் புகார் யார் முறையில் விழுந்தாலும் அவரிடம்தான் போய்ச் சேரும். அது லேசான வேலை இல்லை. மலைச்சரிவில் சிக்னல் இருக்காது. கரண்ட் மூன்று பேஸில் ஒன்றில் வராது. புகார் சொல்கிற மானேஜர் ஒருவர், மோட்டார் பக்கத்தில் நிற்கிறவர் இன்னொருவர். ஒரு டிக்கெட் நாலைந்து நாள் இழுக்கும்.

இதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. மலையாளம் ஒன்றை அக்காவிடம் தள்ளினால், அவர் பெயரில் கிடக்கும் சுலபமான இரண்டை நாம் முடித்துத் தர வேண்டும். போடிக்காரன் நாற்காலியோடு உருண்டு போவான்.

"அக்கா, ஒரு சேட்டன் வந்துருக்காரு. எடுத்துக்கங்க."

"ரெண்ட எடு முதல்ல. போன சேட்டனுக்கே ஒண்ணு பாக்கி."

"கந்துவட்டிக்காரி தோத்தாக போங்க!"

வழக்கம் நன்றாகத்தான் இருந்தது. தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. அக்கா ஏதாவது எஸ்டேட்டோடு ஒரு மணி நேரம் போனில் இருக்கும்போதும் ரவுண்ட் ராபின் நாலில் ஒன்றை அவர் பெயரில் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படி விழுந்த ஒரு டிக்கெட் சின்னமனூர் டீலருடையது. ஒரு நாள் முழுக்க யாரும் அதைத் திறக்கவில்லை. டீலர் கோயம்புத்தூருக்கே போன் போட்டுக் கத்தினார். முதல் பதில் தாமதம் என்று அக்கா பெயருக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை என்றால் ஆளை மாற்றுவோம் என்றார்கள்.

அக்கா அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "இது போச்சுன்னா வீட்டுல ஒக்கார வேண்டியதுதான் தம்பி. அங்க எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காக" என்றார். வேலைக்குப் போகவே கூடாது என்ற வீட்டில் ஒரு வருஷம் பேசிப் பேசி வாங்கிய அனுமதி அது. பஸ் வசதியான, பெண்களும் இருக்கிற, மாடி ஆபீஸ். இரண்டாவது தடவை அனுமதி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

மெஸ்ஸிலிருந்து ஓடியதும் இதற்காகத்தான். சாப்ட்வேரின் செட்டிங்கில் இன்னொரு முறை இருந்தது. யார் கையில் முடியாத டிக்கெட் குறைவாக இருக்கிறதோ, அடுத்தது அவருக்கு. எந்தெந்த நிலையில் உள்ளதைச் சுமையாக எண்ணுவது என்றும் கேட்டது. 'வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு' என்பதையும் சேர்த்து டிக் போட்டேன். அக்காவின் எஸ்டேட்டுகள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். அவையும் எண்ணப்பட்டால் அவருக்குப் புதிது குறைவாக வரும். அவ்வளவுதான் என் திட்டம்.

லீடர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஓடிக்கிட்டிருக்கதக் கிண்டாதடா."

"அண்ணே, இப்ப இருக்கது முறைதான், நியாயம் இல்ல. ஒரு மாசம் பாப்பம்ணே."

"ஏலே, நீ பேசிப் பேசியே ஆளச் சாச்சுருவ" என்று சொல்லி மாற்ற விட்டார்.

முதல் வாரம் பறந்தேன். அக்கா ஒரு போனை முடிக்கும் வரை புதிதாக எதுவும் அவர் பெயரில் விழவில்லை. முதல் பதில் எல்லோருக்கும் சீக்கிரம் போனது. ராயப்பன்பட்டிப் பெண் மூன்று நாள் லீவு முடிந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். அன்று காலை வந்ததெல்லாம் வரிசையாக அவள் தலையிலேயே கொட்டியது. "அண்ணே, நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்று அவள் கேட்க, சிரித்துக்கொண்டே ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு டிக் இருந்தது.

போடிக்காரன் இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டான். வேலை முடிந்த டிக்கெட்டையும் மூடாமல் வைத்திருந்து, டீக்குப் போய் வந்த பிறகு மொத்தமாக மூடுவான்.

"மூடுனாத்தானடா அடுத்தது வருது? சுறுசுறுப்பா இருக்கவனுக்குத் தண்டனையா குடுத்துருக்க நீ."

அதற்கும் சிரித்தேன். நான் கவனிக்காதது வேறு. அவன் நாற்காலி உருளுவது நின்றிருந்தது. மலையாளம் விழுந்தால் அக்காவுக்கு மாற்றிவிடுவான். பதிலுக்கு இரண்டை எடுக்க மாட்டான். நானும் எடுக்கவில்லை. ஒருநாள் அக்காவே கேட்டார்.

"ரெண்டு?"

"இனி எதுக்குக்கா? அதான் சிஸ்டமே பாத்துக் குடுக்குதே" என்றேன். நான்தான் சொன்னேன்.

சிஸ்டம் எண்ணிக்கையைத்தான் பார்த்தது. ஆப்பில் பாஸ்வேர்ட் மறந்தவரும் ஒன்று. நாலு நாள் இழுக்கும் எஸ்டேட்டும் ஒன்று. மெஸ் கல்லாக்காரர் ஆளின் கையைப் பார்த்தார். என் செட்டிங்குக்கு அந்தக் கண் இல்லை.

அடுத்த மாதம் பாதி தாண்டியதும் கோயம்புத்தூரிலிருந்து மானேஜர் அம்மா லீடர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் போனை வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"கிராஃப்ல ஒரு கோடு பாதிதான் இருக்குதாம். யாரு இதுன்னு கேட்டாக."

மாதா மாதம் அங்கே போகும் ரிப்போர்ட் அது, போன மாதத்துடையது. நாலு பேருக்கு நாலு கோடு. ஒரு டிக்கெட் முதலில் யார் பெயரில் விழுந்ததோ, அவர் கோட்டில்தான் ஏறும். பிறகு யாருக்கு மாறினாலும், யார் முடித்தாலும் மாறாது. ரவுண்ட் ராபின் இருந்தவரை நாலு கோடும் அநேகமாக ஒரே உயரம். அக்கா பெயரில் விழுந்து நாங்கள் முடித்துக் கொடுத்த அந்த இரண்டு இரண்டும் அவர் கோட்டிலேயே இருந்தன. எங்களிடமிருந்து அவருக்குப் போன மலையாளம் எங்கள் கோட்டில் இருந்தது. யாரும் யாரையும் ஒப்பிட வழியில்லாமல் அந்த மொட்டை முறை அவரை மறைத்து வைத்திருந்தது. நான் அவருக்குப் புதிது குறைவாக விழச் செய்தேன். விழுந்தது குறைந்ததும் கோடு குறைந்தது. உள்ளே தேடி யாரும் பார்க்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அண்ணே, அக்காவுது எல்லாம் பெரிய டிக்கெட்டுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்டா. எல்லாருக்கும் ஒரே சிஸ்டந்தான, கொறச்சலா வேல பாக்குறவுகளுக்குத்தான் கொறச்சலா வரும்னாக. நம்ம மாத்துனத எடுத்துச் சொன்னேன். அப்ப மூணு பேரே போதும்னு சிஸ்டமே காட்டிருச்சேன்னு முடிச்சுட்டாக."

இந்த மாதம் முடிந்ததும் அக்கா வர வேண்டியதில்லை. மலையாளத்துக்கு என்ன செய்வது என்று அண்ணன் கேட்டதற்கு, மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே என்றார்களாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லதுக்குத்தான செஞ்ச, விடு" என்றார். பிறகு, "கொஞ்சம் மந்தமா இருந்துருக்கலாம் நீ" என்றார். போடிக்காரன் மட்டும் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

அன்றே ரவுண்ட் ராபினுக்குத் திருப்பினேன். திருப்பும்போதே தெரியும், அது இனி வருவதைத்தான் சமமாகப் பிரிக்கும். போன மாதத்துக் கோட்டை அது வளர்க்காது. முடிவு எடுத்தாகிவிட்டது, இந்த மாதத்துக் கோட்டை அங்கே யாரும் அக்காவுக்காகத் திறந்து பார்க்கப் போவதுமில்லை. போடிக்காரன் மறுபடி நாற்காலியோடு உருண்டு போய், கேட்காமலே இரண்டை எடுத்துக்கொண்டான். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ராயப்பன்பட்டிப் பெண்ணுக்கு ஒரு நோட்டில் மலையாளம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்: மோட்டார் ஓடவில்லை என்றால் அவர்கள் எப்படிச் சொல்வார்கள், கரண்ட் இல்லை என்றால் எப்படி, கோபத்தில் எப்படி. அவள் மூன்றாவதைப் படித்துப் பார்த்தாள்.

"இது வையிறதுல்லக்கா?"

"அதான் நெறைய வரும். முதல்ல அதப் படி."

அவருக்குப் பதிலாக என்னை அனுப்பிவிடச் சொல்லி லீடர் அண்ணனிடம் கேட்டேன். "ஒன் கோடு ஒசரமா இருக்குடா. அவுக விட மாட்டாக" என்றார். என் கோடு ஏன் உயரம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இனி மிச்சம் ஒன்றுதான். அக்கா இந்த வருஷம் முடித்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எத்தனை தடவை பேச்சு போய் வந்திருக்கிறது, எத்தனை போன், எத்தனை நாள், முதலில் யார் பெயரில் விழுந்தது என்று ஒரு ஷீட்டில் ஏற்றப் போகிறேன். பக்கத்தில் என்னுடையதும் போடிக்காரனுடையதும். அந்தக் கணக்கைச் சாப்ட்வேர் தானாகத் தராது. கையால்தான் எண்ண வேண்டும். அனுப்பி வைக்கிறேன், ஆனால் அவுக தொறக்க மாட்டாக என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மாதம் முடிய எட்டு வேலை நாள் இருக்கிறது. நாளைக் காலை மற்றவர்கள் வருமுன் போய், ஜனவரியின் முதல் டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன்.