வாசித்துக் காட்டியதாகச் சொன்ன வரி

போடியில் கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். பிரமாண வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருவதாகப் பலகையும் உண்டு. மொழிபெயர்ப்பு என்றால் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய பிரதியைத் திறந்து, ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரைப் போடுவது. கழுதையும் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தோட்டப் பதிவேட்டில் இருப்பது பிறந்த வீட்டுப் பெயர். வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமியாருக்கும் அதே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியுமா? தாலி கட்டிய அன்றே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆதார் அந்தப் பெயரில். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஆங்கிலத்தில் வாக்குமூலம் தந்தால்தான் பென்சன் காகிதம் நகரும் என்றதாம் எஸ்டேட் ஆபீஸ்.

அவர் சொன்னதைத் தமிழில் ஒழுங்காகவே எழுதினேன்: “மேற்படி இரு பெயர்களும் ஒரே நபராகிய என்னையே குறிக்கும்.” ஆங்கிலத்துக்கு வழக்கம்போலப் பழைய பிரதி. அடியில் வழக்கமான வரி: “தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, சரியெனப் புரிந்துகொண்டார்.” அதன்கீழ் என் கையெழுத்து.

இருவரும் கோர்ட்டு வாசலில் இருக்கும் நோட்டரி வக்கீலிடம் போனோம். முத்திரையை எடுத்தவர் நிறுத்தினார்.

“வாசிச்சுக் காட்டுனீங்களா?”

“காட்டினேன் சார்.”

“எங்க, எனக்கும் காட்டுங்க.”

ஆங்கிலத் தாளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். “இன்று முதல் என் முந்தைய பெயரைக் கைவிட்டு…”

“இன்னைக்கா கைவிட்டேன்?” என்றார் அம்மாள். “கல்யாணத்தன்னைக்கே போயிருச்சே அப்பு. எம்மவளுக்கே மூணு பிள்ளை.”

ஜோசியப்படி பெயர் மாற்றிய யாரோ ஒரு மகானின் வாக்குமூலத்தை இவர் தலையில் கட்டியிருக்கிறேன். இருபது வருடமாக எத்தனை பேர் தலையில் எதையெதைக் கட்டினேனோ. ஜெயில் சோற்றில் உப்பு இருக்குமா என்பதுவரை யோசித்துவிட்டேன்.

“இன்னைக்குத்தான் மாத்துனாங்கன்னா, இம்புட்டு நாளா அந்தப் பேர்ல ஆதார் வச்சிருந்தது யாருன்னு எஸ்டேட் ஆபீஸ்ல கேட்பான். காகிதத்தைத் தள்ளிருவான்” என்றார் வக்கீல், என்னைப் பார்க்காமலே. அவரைப் பார்க்கும் தகுதி எனக்கும் இல்லை.

“தட்டச்சுப் பிழை சார்” என்றேன். ஒரு பத்தி முழுக்கப் பிழையாம்.

“வெரசா போயி மாத்திக் கொண்டா” என்றார் அம்மாள். “மூணு மணி பஸ்சு போனா மேட்டுக்கு வேற பஸ்சு கெடையாது.”

புது முத்திரைத்தாள் வாங்கி, பழைய பிரதியைத் திறக்காமல், தமிழை வரிவரியாகப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்தேன். ‘ஒன் அண்ட் தி சேம் பர்சன்’ என்ற ஐந்து சொற்களை மட்டும் ஏழு முறை சரிபார்த்தேன்.

திரும்பி வந்து நீட்டியதும் அம்மாள் பேனாவைத் தொடவில்லை.

“வாசி.”

வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசி. இந்தத் தடவை வக்கீலய்யா மூஞ்சியப் பாக்காம, பேப்பரப் பாத்து.”

இரண்டாவது முறையும் வாசித்தேன். அதன்பிறகே கையெழுத்திட்டார், முத்திரை விழுந்தது. காகிதத்தோடு அவர் பஸ்சுக்குப் போய்விட்டார். கடைக்குத் திரும்பி, கம்ப்யூட்டரில் அந்த வாக்குமூலத்தின் அடியிலிருந்த ‘தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு’ என்ற வழக்கமான வரியைப் பார்த்தேன். என் கடையிலிருந்து வெளியேறிய முதல் உண்மை அதுதான்.