பைலுக்கு எழுதிய ஓகே

யாழ்ப்பாணத்தில், நீதிமன்றத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் ஒரு சின்ன அறை எடுத்து இருபது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம். கடைசியில் “உண்மையான மொழிபெயர்ப்பு” என்று எழுதி முத்திரை குத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவசரம். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஆனால் ஒரு சொல் அகப்பட்டு இடக்குப் பண்ணத் தொடங்கினால் கோபம் போய், விசர் பிடித்தவள் போல அதற்குப் பின்னால் அலைவேன்.

போன வருடம் பங்குனி வெயிலில் ஒரு பின்னேரம் உடுவிலில் இருந்து அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். தம்பிக்கு முப்பது வயது இருக்கும். தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறார். நகத்தடியில் எண்ணெய்க் கறுப்பு. அக்கா கதவைத் திறந்தபடியே கதைக்கத் தொடங்கிவிட்டா.

“அன்ரி, உவனுக்குக் கனடாவிலை சம்பந்தம் சரிவந்திருக்கு. பொம்பிளை அங்கை பிறந்த பிள்ளை. ஆவணியிலை வருவா, எழுத்து வைக்கப்போறம். பைலுக்கு வட்ஸ்அப் கதையளும் வேணுமாம். தமிழிலை இருக்கிறதை இங்கிலீசாக்கித் தாங்கோ.”

எழுத்து என்றால் எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவு. முதலில் எழுத்து, பிறகு விசாவுக்குப் பைல், அது சரிவந்தால்தான் தாலியும் மேளமும். இரண்டு பேரும் உண்மையாகவே பழகியவர்கள் என்று அந்த நாட்டுக்காரருக்குக் காட்ட, கதைத்த கதைகளை அச்செடுத்துப் பைலில் வைப்பார்கள். கலியாணம் பேசி முடிந்த கையோடு ஏஜென்சிக்காரர் சொல்லிவிடுவார்கள்: நாளுக்கு நாலு மெசேஜ் போடுங்கோ, விடாதையுங்கோ.

தாள்களைப் பார்த்தேன். பெண்ணுக்குத் தமிழ் கேட்டால் விளங்குமாம், கதைப்பாவாம், வாசிக்கத் தெரியாதாம். அதனால் தம்பி தமிழில் ஒரு வரி எழுதி, கைத்தொலைபேசி மாற்றித் தந்த ஆங்கிலத்தை அதற்குக் கீழே ஒட்டி அனுப்பியிருந்தார். பெண்ணின் பதில்கள் எல்லாம் ஆங்கிலம். அவற்றுக்கு என் முத்திரை தேவையில்லை.

அடையாள அட்டைக்குப் பிரதி எடுக்கவில்லை என்று ஞாபகம் வந்து அக்கா சந்திக் கடைக்குப் போனா. கதவு சாத்தியதுதான் தாமதம், தம்பி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“அன்ரி, ஒரு உதவி. அவ எழுதினதை எனக்குத் தமிழிலை சொல்லுவியளோ?”

“என்ன எழுதியிருக்கிறா?”

“ஓகே. ஃபைன். வட்டெவர். உவ்வளவும்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்கு மொழிபெயர்ப்பாளரே வேணும், தம்பி?”

அவர் சிரிக்கவில்லை. “போனிலை போட்டுப் பாத்தனான். எல்லாத்துக்கும் சரி, சரி, சரி எண்டுதான் வருது. ஆனா எனக்கென்னவோ அது சரியாப் படேல்லை. அந்தப் பிள்ளைக்கு விருப்பமோ, இல்லாட்டித் தாய் தேப்பன்ரை ஆக்கினைக்குத் தலையாட்டுதோ? விருப்பமில்லாத பிள்ளையை எழுத்துக்குக் கூப்பிடக்கூடாது, அன்ரி.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டாக மடித்தேன்.

அந்த வேலை இலேசு என்று நினைத்தால் நினைத்தவருக்கு வாய் பிளக்கும். ஓகேயைத் தனியாகப் பிடித்துத் தமிழாக்க முடியாது. அதற்கு முன்னால் என்ன கேட்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். “அம்மா நாளைக்கு உங்கடை அம்மாவோடை கதைப்பா” என்று இவர் எழுதியதற்கு ஓகே. அது “சரி”. “கடைக்குப் புதுப் பெயின்ற் அடிச்சிருக்கு, படம் எப்பிடி?” என்பதற்கும் ஓகே. அது “பரவாயில்லை”, அதாவது பெரிதாகப் பிடிக்கவில்லை. “நேற்று எழுத ஏலாமல் போச்சு, குறை நினையாதையும்” என்பதற்கு ஓகே. அது “அதுக்கென்ன, விடுங்கோ”. “நான் படுக்கப்போறன்” என்பதற்கு வந்த ஓகேக்கு “ம்” என்று மட்டும் எழுதினேன். தம்பி எட்டிப் பார்த்து, “ம் எண்டது ஒரு சொல்லோ அன்ரி?” என்றார்.

“கலியாணம் கட்டிப்பாரும், விளங்கும்” என்றேன்.

ஃபைனும் அப்படித்தான். “எப்பிடி இருக்கிறீர்?” என்றதற்கு வந்தது “நல்லாய் இருக்கிறன்”. அதில் பிசகில்லை. ஆனால் “எழுத்துக்கு வரேக்கை ஒரு மாதம் லீவு போட வேணுமாம், அக்கா சொன்னவ” என்பதற்குக் கீழேயும் ஃபைன் என்று மட்டும் இருந்தது, பின்னால் ஒரு முற்றுப்புள்ளியோடு. அதை “நல்லாய்” என்று எழுத எனக்கு என்ன பைத்தியமா? “சரி, அப்பிடியே செய்வம்” என்று எழுதி, வெட்டி, “சரி, சொல்லியாச்சுத்தானே” என்று எழுதினேன்.

வட்டெவர் ஐந்து இடத்தில் இருந்தது. முதலாவது கூறைச் சேலை நிறத்துக்கு. “எந்த நிறமெண்டாலும் எனக்குச் சந்தோசம்” என்றும் எடுக்கலாம். “என்னவாவது செய்து துலையுங்கோ” என்றும் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலியாணமே நிற்கிறது. பேனையை வைத்துவிட்டு மேலேயும் கீழேயும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அப்போதுதான் தம்பியின் தமிழுக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தைக் கவனித்தேன். இவர் தமிழில் எழுதியது: “உமக்கு என்ன நிறம் பிடிக்குமெண்டு சொல்லும், நான் கடை கடையா ஏறி எடுத்து வைக்கிறன்.” அந்தப் பிள்ளை வாசித்த ஆங்கிலத்தை நான் திரும்பத் தமிழாக்கினால் இப்படி இருக்கும்: “விருப்பமான நிறத்தைத் தெரிவிக்கவும். கடைகளில் பெற்றுக்கொள்ளப்படும்.”

“தம்பி, இது கச்சேரியாலை வந்த அரசாங்கக் கடிதம் மாதிரியெல்லோ இருக்கு!”

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. “நான் அப்பிடி எழுதேல்லையே, அன்ரி.”

“நீர் எழுதேல்லை. ஆனா அவ வாசிச்சது இதைத்தான். கச்சேரிக் கடிதத்துக்கு ஆர் சிரிச்சுப் பதில் எழுதுவினம்?”

இன்னும் பின்னால் போனேன். மாசி நடுப்பகுதி வரை பதில்கள் கொஞ்சம் நீளம். ஒரு நாள் இவர் எழுதாமல் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். மோட்டர் திருத்தக் கொண்டுவந்த ஒருவரின் செருப்பைக் கடை நாய் கவ்விக்கொண்டு ஓடிய கதை. அதற்கு அந்தப் பிள்ளை ஏழு வரி எழுதி, சிரிப்புப் படமும் போட்டிருந்தது. அடுத்த நாளே ஒரு கேள்வி: இதெல்லாம் பைலுக்காகத்தான் எழுதுகிறீர்களா? இவருடைய பதில்: ஆம், ஒரு நாளைக்கு நான்கு என்று முகவர் கூறியுள்ளார்.

அதற்குப் பிறகுதான் ஓகே. ஃபைன். வட்டெவர். நாளுக்கு நாலு, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

“அட கோதாரி!” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. “உதை ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?”

“கேட்டவ. உண்மைதானே. பைலுக்கு வேணுமெண்டுதானே எல்லாரும் சொன்னவை.”

பாவம், கள்ளமில்லாத மனிதன். எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. வட்டெவருக்கு நேரே எழுதினேன்: “பைலுக்கு என்ன வேணுமோ அதைப் போடுங்கோ.” மற்ற நாலுக்கும் அதையே எழுதித் தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். கண் கலங்கிவிட்டது.

“அப்ப விருப்பமோ இல்லையோ?”

“அது இந்தத் தாளிலை இல்லை. நான் இல்லாததை எழுதமாட்டன். கேளும். எழுதாதையும், வாயாலை கேளும்.”

மணி ஐந்தாகப் போகிறது. அங்கே காலை, அந்தப் பிள்ளை வேலைக்கு பஸ்ஸில் போகிற நேரமாம். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். “இது பைலுக்கு இல்லை. நான் உம்மட்டை ஒருநாளும் கேக்கேல்லை. உமக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமோ? இல்லையெண்டால் நான் கோவிக்கமாட்டன். வீட்டாருக்கு நானே சொல்லுறன்.”

குரல்பதிவை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். மேலே விசிறி கிறுகிறு என்று சுற்றியது. எனக்கு இன்னும் மூன்று காணி உறுதி முடிக்கக் கிடந்தது, ஒன்றிலும் கை வைக்கவில்லை.

பதிலும் குரலாக வந்தது. பின்னால் பஸ் இரைச்சல். தடக்கித் தடக்கி வந்த தமிழ். “என்னட்டை இப்பத்தான் ஒராள் கேக்கிறார். நானும் ஒண்டு கேக்கிறன். உங்களுக்கு நான் வேணுமா, கனடா வேணுமா? உண்மை சொல்லுங்கோ.”

தம்பி என்னைப் பார்த்தார். “என்ன சொல்ல அன்ரி?”

“எனக்கென்ன தெரியும்? அது உம்மட்டை வந்த கேள்வி.”

அவர் உடனே தொலைபேசியைத் திரும்பவும் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். “முதலிலை கனடாதான். பொய் சொல்லமாட்டன். வீட்டிலை எல்லாரும் அதைத்தான் கதைச்சவை. நாய்க் கதைக்கு நீர் எழுதினதுக்குப் பிறகு, எப்ப பதில் வருமெண்டு போனைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அதுக்கு மேலை உம்மை எனக்குத் தெரியாது.”

மனிதன் தன் தலையில் தானே மண் போட்டுக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்படி ஒரு பதிலைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்றும் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அந்தக் குரல். “ஆவணியிலை வாறன். எழுத்து வேண்டாம். உங்களைப் பாக்க வாறன். பாத்துப்போட்டுச் சொல்லுறன்.”

கதவு திறந்தது. அக்கா பிரதிகளோடு வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தா. தம்பி எழுந்து நின்று, “அக்கா, ஆவணியிலை எழுத்து இல்லை. அவ வந்து பாத்துப்போட்டுத்தான் முடிவு” என்றார்.

“என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? எழுத்துக்காரருக்கும் சொல்லியாச்சு, ஊருக்கும் சொல்லியாச்சு. அன்ரி, உவனுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்?”

நான் வாய் திறக்கும் முன் தம்பி தொலைபேசியை அக்காவின் காதில் வைத்தார். முதலில் தன் கேள்வி, பிறகு அந்தப் பிள்ளையின் பதில், பிறகு மற்ற இரண்டும். அக்கா நின்றபடி கேட்டா. பிறகு கதிரையில் அமர்ந்து, முதலாவதைத் திரும்பப் போடச் சொன்னா. தம்பி கேட்ட அந்தக் கேள்வியை இரண்டு தரம் கேட்டா.

“எனக்கு எழுத்து வைக்கேக்கை ஒருத்தரும் என்னட்டை உப்பிடிக் கேக்கேல்லை” என்றா, என்னைப் பார்த்து. கையில் இருந்த பிரதிகளைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தா. “வரட்டும். வந்து பாக்கட்டும். அம்மாவோடை நான் கதைக்கிறன்.”